செவ்வாய்க்கிழமைக்கு எட்டு மணித்தியாலம்

எனக்கு வாய் கொஞ்சம் காரம். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் எங்கள் ஒபிஸ். சின்னத் தொண்டு நிறுவனம். கிணறு கட்டிக் கொடுப்பது, பெண்களுக்குக் கோழியோ தையல் மெஷினோ கொடுத்துக் கைத்தொழில் பழக்குவது, இப்படியான வேலைகள். வெளிக்களத்தில் மூன்று பேர். மூதூருக்கு ஒருவர், ஈச்சிலம்பற்றுக்கு ஒருவர், குச்சவெளிக்கு ஒரு பெண். ஒபிஸில் எங்கள் முகாமையாளரும் நானும். எனக்கு நிர்வாக உதவியாளர் என்று பெயர். உண்மையில் என் வேலையில் பாதி, மற்றவர்களிடம் கடதாசி கேட்டு அலைவதுதான்.

மாதம் முடிந்து மூன்றாவது வேலை நாளுக்குள் ஒவ்வொருவரும் எனக்கு இரண்டு சாமான் தர வேண்டும். ஒன்று டைம்ஷீட். மாதத்தின் எல்லா நாளும் வரிசையாக அச்சடித்த ஒரு தாள். எந்த நாளில் தண்ணீர்த் திட்டத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தோம், கைத்தொழில் திட்டத்துக்கு எத்தனை, லீவு எத்தனை என்று நாள் முடிந்த பிறகு அவரவர் எழுதிக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். மற்றது ஒரு பக்கக் குறிப்பு: எந்த ஊருக்குப் போனோம், யார் வந்தார்கள், என்ன சிக்கல். அதை எல்லாரும் 'இன்புட்' என்பார்கள். இரண்டு திட்டத்துக்கும் வெவ்வேறு வெளிநாட்டு அமைப்புகள் உதவுவதால், யாருடைய நேரம் எந்தத் திட்டத்துக்குப் போனது என்று தாளில் இல்லாவிட்டால் கொழும்புத் தலைமை ஒபிஸ் ஒன்றையும் எடுக்காது. ஒருவர் பிந்தினால் நாலு பேரின் கட்டும் என் மேசையிலேயே கிடக்கும்.

பிந்துவார்கள். சொல்லி வைத்ததுபோல் பிந்துவார்கள். ஆரம்பத்தில் நான் என்ன செய்வேன் என்றால், நாலாம் நாள் காலையிலேயே போனில் ஒபிஸ் குறூப்பில் 'இன்னும் தராதவர்கள்' என்று பட்டியல் போடுவேன். பெயரோடு. மத்தியானம் அதே பட்டியல் இன்னொருமுறை. பின்னேரம் போன் எடுத்து ஏசுவேன். "நான் என்ன உங்கட வீட்டு வாசலில் தவம் கிடக்கவோ? நாலு வரி எழுத உங்களுக்கு என்ன பிரசவ வேதனையா?" என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் தாள் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு மாதாந்தக் கூட்டத்தில் மூதூர்க்காரர் வாய் திறந்தார். பகிடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். "சேர், மிஸ்ஸின்ட மெசேஜ் வந்தா என்ட பிரஷர் குளிசை ஒண்டு கூடுதலாப் போட வேண்டிக் கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சுட்டது. அவர் தன் போனில் எங்கள் குறூப்பின் சத்தத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டம் முடிந்து முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் கேக்கிறது பிழையில்லை. கேக்கிற விதம்தான் நச்சரிப்பா இருக்கு. கொஞ்சம் மாத்திப் பாருங்கோ" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியைக்கூட மேசையில் டொக்கென்று வைத்தேன். பிறகு எனக்கே ரோசம் வந்தது. சரி, செய்து காட்டுகிறேன் என்று மாற்றினேன்.

மாற்றியதில் கெட்டிக்காரத்தனம் இருந்தது என்று இப்போதும் சொல்வேன். தவணை முடிந்த பிறகு கேட்பதை விட்டு, இரண்டு நாள் முந்தியே ஒரேயொரு மெசேஜ். அதில் என்ன தாள் வேண்டும், எந்த நாளைக்குள், ஏன் என்று மூன்று வரி. தராதவர் பட்டியலை நிறுத்தினேன். தந்தவருக்கு மட்டும் நன்றி போட்டேன். இன்னாருக்கு நன்றி, இன்னாருக்கு நன்றி என்று வரும்போது தன் பெயர் இல்லாதவருக்குத் தானாக விளங்கும். அதற்கும் அசையாதவருக்குத் தனியாக ஒரு மெசேஜ்: 'உங்களுக்கு வேலை கூட எண்டு தெரியும், நேரம் கிடைக்கேக்க அனுப்பிவிடுங்கோ.' ஈச்சிலம்பற்றுக்காரருக்கு அங்கே சிக்னல் இழுபறி என்பதால் வெருகல் பக்கம் வரும் நேரம் பார்த்துப் போன் எடுப்பேன். மூன்று மாதத்தில் தாள்கள் நாளுக்கு வரத் தொடங்கின. மூதூர்க்காரர் முதல் ஆளாகத் தந்துவிட்டு, "என்ட பிரஷர் இறங்கிட்டுது மிஸ்" என்று குறூப்பில் போட்டார். முகாமையாளர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குச்சவெளிப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பட்டணத்துக்குக் கிட்டச் சல்லியில் வீடு, புருஷன் கடலுக்குப் போகிறவர். நாற்பதுக்குக் கிட்ட வயது. களப்புக்கரைப் பெண்கள் குழுக்களோடு வேலை. அதிகம் கதைக்க மாட்டாள். டைம்ஷீட்டை நான் கேட்டு அவள் தந்ததே கிடையாது, கேட்க முந்தியே வந்துவிடும். ஏசிய காலத்திலும் அவளை ஏசும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வருஷ நடுவில் ஒரு மாதம் அவளுடைய தாள் வரவில்லை. நன்றிப் பட்டியலில் எல்லாப் பெயரும் வந்துவிட்டது, அவளுடையது இல்லை. நான் தனி மெசேஜ் போட்டேன். 'ஓம் அக்கா, தாறன்' என்று பதில். அடுத்த நாளும் இல்லை. இரண்டாவது மெசேஜில் ஒரு பூப் படமும் சேர்த்தேன். மூன்றாவதில், 'அவசரப்படுத்தேல்லை தங்கச்சி, கொழும்பு கேக்குது, அதுதான்' என்று எழுதினேன். நாலாவதை எழுதும்போது எனக்குள்ளே பழைய ஆள் எழும்பிவிட்டாள். என்ன, விளையாடுறாளா என்று. விரலைக் கடித்துக்கொண்டு அதையும் இனிமையாகவே எழுதினேன். எனக்கு அப்போது பெரிய விஷயம், நான் நச்சரிக்கவில்லை என்பது.

பிறகு ஒரு யோசனை வந்தது. வெளிக்களத்தில் உள்ளவர்கள் ஒவ்வொரு வாரமும் முன்கூட்டியே வாரத் திட்டம் தருவார்கள், திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த ஊர் என்று. அவளுடைய நாலு வாரத் திட்டமும் என் பைல் கோவையில் இருந்தது. அதைப் பார்த்து அவளுடைய டைம்ஷீட்டை நானே நிரப்பினேன். திங்கள் எட்டு மணித்தியாலம், செவ்வாய் எட்டு, புதன் எட்டு. சனி ஞாயிறு வெறுமை. அச்சடித்து வைத்துவிட்டு, 'எல்லாம் நிரப்பி வைச்சிருக்கிறன், வந்து சைன் மட்டும் வைச்சாப் போதும்' என்று அனுப்பினேன். எவ்வளவு நல்ல அக்கா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திட்டம் என்பது செய்யப் போவது. டைம்ஷீட் என்பது செய்தது. பதினொரு வருஷம் இந்த வேலையில் இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் படிப்பித்ததே நான்தான். ஆனால் இரண்டும் எப்போதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்ததால், அது எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படவில்லை.

அவள் வந்தாள். காலை பத்து மணியிருக்கும். செவ்வாய்க்கிழமை. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒரு துவாய் தெரிந்தது. முகம் வாடிப்போய் இருந்தது. குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"அக்கா, இதில செவ்வாய்க்கிழமை..." என்று தொடங்கினாள். முழுசாகக்கூடச் சொல்லவில்லை.

"ஒண்டும் யோசிக்காதேங்கோ, எல்லாம் உங்கட வாரத் திட்டத்தைப் பாத்துத்தான் போட்டனான். சைன் வைச்சாச் சரி" என்று பேனையை மூடி கழற்றி அவள் கையில் வைத்தேன். எனக்கு அன்றைக்கே கட்டை அனுப்ப வேண்டும். கூரியர்காரன் வாசலில் நின்றான்.

அவள் பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு கையெழுத்து வைத்தாள். "பெரிய உபகாரம் அக்கா" என்றாள். போய்விட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குச்சவெளியில் எட்டு மணித்தியாலம் வேலை செய்ய வேண்டிய ஆள் பட்டணத்தில் என் மேசைக்கு முன்னால் ஏன் நிற்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதே செவ்வாய்க்கிழமைகள்தான் அந்தத் தாளிலும் இருந்தன.

அடுத்த இரண்டு மாதமும் நான் கேட்கவேயில்லை. முதலாம் திகதியே நிரப்பி வைத்துவிட்டு மெசேஜ் போட்டேன், அவள் வந்து வைத்தாள். குறூப்பில் அவளுக்கு முதல் நன்றி.

மூன்றாவது மாதம் முடிய, உதவி தரும் அமைப்பொன்றிலிருந்து இரண்டு பேர் கோவைகள் பார்க்க வந்தார்கள். இது வழமை. ஏதாவது ஒரு மாதத்தை எடுப்பார்கள், ஒரு ஆளை எடுப்பார்கள், டைம்ஷீட்டையும் ஊர்க் கூட்டங்களின் வரவுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். வரவுத் தாள் என்றால் கூட்டத்துக்கு வந்த பெண்கள் பெயர் எழுதிக் கையெழுத்திட்ட தாள், திகதியோடு. அவர்கள் குச்சவெளியை எடுத்தார்கள்.

வரவுத் தாள்களில் நாலு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்திருந்தது. டைம்ஷீட்டில் ஞாயிறு வெறுமை. டைம்ஷீட்டில் செவ்வாயும் வெள்ளியும் முழுநாள் வேலை. அந்த நாட்களில் காலையில் நடந்த கூட்டம் ஒன்றுகூட இல்லை. வந்தவர்களில் ஒருவர் தாளை முகாமையாளர் பக்கம் திருப்பி, வெறுமையான ஞாயிறுகளில் விரலை வைத்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்றேன். அது நான் நிரப்பிய தாள்.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னையும் குறிப்பெடுக்க இருத்தினார்கள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒருமுறைக்கு நாலு மணித்தியாலம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அவளுடைய லீவு எல்லாம் அதற்கு முந்திய ஆஸ்பத்திரி அலைச்சலிலேயே முடிந்துபோயிருந்தது. அதனால் அந்த இரண்டு காலையும் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்துக் குச்சவெளிக்குப் போய், விட்ட காலை வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்திருக்கிறாள். ஒரு மணித்தியாலம்கூடக் குறையவில்லை. கூட்டிப் பார்த்தால் கூடத்தான் இருந்தது.

"அப்ப அதை அப்பிடியே எழுதியிருக்கலாமே?" என்று முகாமையாளர் கேட்டார்.

"ஞாயிறு வேலைக்கு முந்தியே அனுமதி எடுக்க வேணும் சேர். நான் எடுக்கேல்லை. எழுதினாப் பிழை, எழுதாட்டியும் பிழை. அதாலதான் தராமல் வைச்சிருந்தனான்" என்றாள்.

"என்னட்ட ஒரு வரி எழுதித் தந்திருந்தா அனுமதி தந்திருப்பன். ஒரு வரி."

வந்தவர்களில் மற்றவர் கேட்டார், இந்தத் தாளை நிரப்பியது யார் என்று. எழுத்து எல்லாம் கணினி எழுத்து, யாருடையது என்று பார்த்துச் சொல்ல ஏலாது. நான் குறிப்புப் புத்தகத்தில் குனிந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"கையெழுத்து என்ர" என்றாள். "பாத்துத்தான் வைச்சனான்."

நான் அப்போது எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன அந்த வசனத்தையும் எழுதினேன். ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள் நான். விடிந்ததும் நேரே போய் முகாமையாளரிடம் சொன்னேன். திட்டத்தைப் பார்த்து நிரப்பியது நான், அவள் சொல்ல வந்ததைத் தடுத்ததும் நான் என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நேற்றே சொல்லியிருக்கலாம். அறிக்கை இரவே கொழும்புக்குப் போயிட்டுது" என்றார். பிறகு என்னுடைய வாக்குமூலத்தையும் எழுதி அனுப்பினார். பதில் ஒரு கிழமையில் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவளுக்கு, செய்யாத நேரத்தைச் செய்ததாகக் கையெழுத்திட்டதற்காக வேலை நீக்கம். யார் நிரப்பினாலும் உறுதிப்படுத்துவது கையெழுத்து வைத்தவர்தான் என்று அதில் இருந்தது. விதியில் அப்படித்தான் இருக்கிறது, நானே அதை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பும் வேலையும் என்னுடையது. கூரியரில் போட மனம் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒபிஸிலிருந்து பத்து நிமிஷ நடை. மூன்று மாதமாகக் கிழமைக்கு இரண்டு தரம் அவள் பத்து நிமிஷத் தூரத்தில் இருந்திருக்கிறாள்.

சுத்திகரிப்புப் பிரிவுக்கு வெளியே மர வாங்கில் இருந்தாள். கண்ணாடிக்கு அங்கால் புருஷன் படுத்திருந்தார், கையிலிருந்து குழாய் போய்க்கொண்டிருந்தது. கடலில் வலை இழுத்த கை. இப்போது எலும்புதான் தெரிந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். கடிதத்தைக் கொடுத்தேன். அவள் பிரித்தாள், ஒருமுறை வாசித்தாள், மடித்துக் கூடைக்குள் வைத்தாள்.

"அந்தப் பெட்டையளுக்கு ஞாயிறு வருவன் எண்டு சொல்லியிருக்கிறன்" என்றாள். களப்புக்கரைக் குழுப் பெண்களைத்தான் சொன்னாள். "ஆரும் போய்ச் சொல்லிவிடுங்கோ அக்கா."

நான் அழுதுவிட்டேன். அவளைத் தேற்ற வந்தவள் நான், அவள் என் முதுகைத் தடவினாள். "நான் உங்களை நம்ப வைச்சுக் கெடுத்துப் போட்டன் தங்கச்சி. உங்களுக்கு நல்லது செய்யிறன் எண்டுதான்..." என்று தொடங்கினேன்.

"விளங்குது" என்றாள். "நீங்கள் பாவம் பாத்துச் செய்தது. அவ்வளவு தன்மையாக் கேக்கிற ஆளிட்ட என்னெண்டு இல்லை எண்டு சொல்லுறது? நாலு மெசேஜ் போட்டீங்கள். நாலையும் வைச்சு வைச்சு வாசிச்சனான், ஒண்டிலயாவது என்ன பிரச்சினை எண்டு கேட்டிருப்பீங்களோ எண்டு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, உள்ளே புருஷனின் முகத்தைப் பார்த்தபடி, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்கள் முந்தி மூதூர்க்காரரை ஏசினமாதிரி என்னையும் போன் எடுத்து ஏசியிருக்கலாம் அக்கா. ஏசியிருந்தா அழுதுகொண்டாவது எல்லாத்தையும் சொல்லியிருப்பன்."

உள்ளே தாதி கையசைத்து அவளைக் கூப்பிட்டாள். அவள் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் வாங்கிலேயே இருந்தேன். நாலு மணித்தியாலம் முடிய இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.